மாடிப்படி ரெய்லிங்குக்குப் பூமாலை: சுற்றுவதா, வளைத்துக் கட்டுவதா, சரமாகத் தொங்கவிடுவதா?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இப்போது நிச்சயதார்த்தம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று பல விசேஷங்களை மண்டபம் எடுக்காமல் வீட்டிலேயே முடித்துக்கொள்கிறார்கள். ஹாலில் சடங்கு, மொட்டை மாடியில் ஷாமியானா போட்டுப் பந்தி. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே படியில் ஏறி இறங்க வேண்டும். சாம்பார் வாளியும் சாதக் குண்டானும் போவதும் அதே படியில்தான். அந்தப் படியைத்தான் பூவால் அலங்கரிக்கச் சொல்லி முதலில் கேட்பார்கள், ஏனென்றால் ஹாலில் எந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்தாலும் பின்னால் அது தெரியும்.

ரெய்லிங்கில் மாலை கட்ட மூன்று வழி நடப்பில் இருக்கிறது. கைப்பிடிக் குழாயைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவது ஒன்று. கைப்பிடிக்குக் கீழே வளைவு வளைவாகத் தொய்வு விட்டுக் கட்டுவது இன்னொன்று. முழம் முழமாகத் தனிச் சரங்களைத் தொங்கவிடுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு வீடு. படிகள் மெருகேற்றிய கிரானைட். ஒவ்வொரு படியும் ஆறரை அங்குல உயரம், கால் வைக்கும் ஆழம் பத்து அங்குலம். ஒன்பது ஏறியதும் லேண்டிங், அங்கே திரும்பி இன்னும் ஒன்பது. ரெய்லிங் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், கைப்பிடி இரண்டு அங்குலம், படிக்கு ஒரு நிற்கும் கம்பி. சாய்வாக அளந்தால் கம்பிக்குக் கம்பி ஏறத்தாழ ஓரடி வரும். ஆக ஒன்பது கம்பிக்கு நடுவே எட்டு இடைவெளி, ஒரு வரிசைக்கு எட்டடி, இரண்டும் சேர்த்துப் பதினாறடி ரெய்லிங். படியின் அகலம் மூன்றடி. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் இந்த ரெய்லிங். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கிடையாது.

சுற்றிக் கட்டுவது

படத்தில் பார்க்க இதுதான் அழகு. குழாய் துளியும் தெரியாமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாலை ஏறிப் போகும். பூ செலவும் இதில்தான் அதிகம். இரண்டு அங்குலக் குழாயின் மேல் இரண்டு அங்குலத் தடிமனுள்ள செண்டுமல்லி மாலையை அரையடிக்கு ஒரு சுற்றாகச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றும் பதினான்கு அங்குல மாலையை விழுங்கும். பதினாறடிக்கு முப்பத்திரண்டு சுற்று. கணக்குப் போட்டால் முப்பத்தேழு அடி மாலை வேண்டும்.

செலவைக்கூட விடுங்கள், இதன் பெரிய கோளாறு கைப்பிடி போய்விடுவது. நெருக்கமாகக் கோத்த மாலையில் பூக்கள் நூலைச் சுற்றி உருளக்கூடியவை. அதன்மேல் கை வைத்து எடையைப் போட்டால் பூ கைக்குள் உருளும், மாலை குழாயின்மேல் வழுக்கும். காலை ஊன்ற முடியாமல் ஒருவர் சட்டென்று பிடிக்கும் நேரத்தில் கைக்குக் குழாய் கிடைக்காது, நசுங்கிய பூதான் கிடைக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இறங்கும்போது கையை எடுக்காமல் குழாயோடே வழுக்கிக்கொண்டு வருவார்கள். மாலை சுற்றியிருந்தால் அவர்களால் அப்படி இறங்க முடியாது. சுவரைத் தடவிக்கொண்டு இறங்குவார்கள், மெழுகிய சுவரில் பிடிக்க என்ன இருக்கிறது?

சுற்றின மாலை தானாகவும் நிற்காது. எஸ்.எஸ். குழாய் வழவழப்பானது, அதோடு சாய்வு. மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு போட்டுவிட்டு நடுவில் சுற்றை நம்பினால், நாலு பேர் கை பட்டதும் சுற்றுகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்து கீழ்நோக்கி இறங்க ஆரம்பிக்கும். மேலே குழாய் வெறுமையாகத் தெரியும், முதல் படியருகில் மாலை குவிந்து தொங்கும். அந்தக் குவியல்தான் புடவைக் கொசுவத்திலும் பிள்ளைகள் காலிலும் மாட்டும்.

யாரும் ஏறாத படிக்கு, அதாவது மேலே பந்தியும் இல்லை, விருந்தாளிகள் கீழேயே இருப்பார்கள் என்றால், சுற்றுவதில் தப்பில்லை. மற்றபடி நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வளைவாகத் தொய்வு விட்டுக் கட்டுவது

இதில் கைப்பிடியின் மேல்பக்கம் முழுக்கச் சும்மா இருக்கும். மாலை கைப்பிடிக்குக் கீழே, நிற்கும் கம்பிகளின் வெளிப்பக்கத்தில், அதாவது ஏறுகிறவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் தொங்கும். இரண்டு கம்பிக்கு ஒரு கட்டு போட்டால் வளைவு இரண்டடி. ஆறேழு அங்குலம் தொய்வு வர ஒரு வளைவுக்கு இருபத்தெட்டு அங்குல மாலை விட வேண்டும். வரிசைக்கு நான்கு வளைவு, மொத்தம் எட்டு. கொஞ்சம் கூட்டி வைத்தாலும் பத்தொன்பது அடியில் முடிந்துவிடும், சுற்றுவதில் பாதிதான். நெருக்கமாகக் கோத்தால் அடிக்கு ஒரு டஜன் செண்டுமல்லி போகும். இந்த வளைவுகளுக்கு ஏறத்தாழ இருநூற்று முப்பது பூ, சுற்றுவதற்கு நானூற்று ஐம்பதை நெருங்கும். ஆயுத பூஜைக்கு முன்னால் பூவெல்லாம் பெங்களூரு பக்கம் வண்டி ஏறும் வாரத்தில் இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும்.

சாய்வான ரெய்லிங்கில் வளைவின் வயிறு நடுவில் நிற்காது, கீழ்க்கட்டின் பக்கம் ஒதுங்கும். அது இயல்பு, அதைத் திருத்தப் போகாதீர்கள். எல்லா வளைவும் ஒரே மாதிரி ஒதுங்கினால் படியோடு சேர்ந்து ஓடுவது போல அழகாகத்தான் இருக்கும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக ஆனால்தான் கண்ணை உறுத்தும். அப்படி ஆவதற்குக் காரணம் ஒன்றே: கட்டு மாலையைக் கவ்வவில்லை, வளையம் போலச் சும்மா தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வளையத்துக்குள் மாலை நழுவும், மேல் வளைவு இறுகி நேராகும், கீழ் வளைவு தொங்கும்.

ஆகவே கட்டு போடும் இடத்தில் இரண்டு பூவை விலக்கி, நடுவில் தெரியும் நூலையே கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பூவைச் சேர்த்துக் கட்டினால் அது நசுங்கிச் சுருங்கியதும் கட்டு தளர்ந்துவிடும். கட்டும் இடம் நிற்கும் கம்பி கைப்பிடியோடு சேரும் மூலை. கட்டைக் கம்பியின் நடுவில் போட்டால் வழுக்கி இறங்கும். மூலையில் கம்பியைச் சுற்றி, ஒரு சுற்றைக் கைப்பிடிக்கு மேலாகவும் போட்டு எடுத்தால் இறங்க இடமில்லை. கைப்பிடியின் மேல் அந்த இடத்தில் துணி நாடாவின் தடிமன் மட்டும் இருக்கும், கை தட்டாது.

மேலிருந்து கீழாகக் கட்டிக்கொண்டு வாருங்கள். மேல் முனையை இறுக்கிக் கட்டிய பிறகு, அடுத்த இருபத்தெட்டு அங்குலத்தை அளந்து அடுத்த கட்டு. அளக்க டேப் வேண்டியதில்லை, அந்த நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டால் போதும். கீழிருந்து ஆரம்பித்தால் மீதியுள்ள மாலையின் கனம் கட்டின வளைவுகளையும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இந்த முறையில் ஓர் இடம் மட்டும் சிக்கல் தரும். லேண்டிங்கில் திரும்பும் படிகளில், கீழ் வரிசை ரெய்லிங்கும் மேல் வரிசை ரெய்லிங்கும் லேண்டிங் ஓரத்தில் நாலு விரல் இடைவெளியில் நெருங்கி நிற்கும். மேல் வரிசையின் வெளிப்பக்கம் மாலை தொங்கினால், அது கீழ் வரிசையில் ஏறி வருகிறவரின் கை ஓடும் இடத்துக்கு வந்துவிடும். விரல் மாலைக்குள் மாட்டும். அதனால் மேல் வரிசையின் முதல் இரண்டடிக்கு வளைவே விடாதீர்கள். மாலையைக் கம்பிகளோடு ஒட்டித் தட்டையாகக் கட்டுங்கள், அல்லது வெறுமையாகவே விட்டுவிட்டுத் தூணின் தலையில் ஒரு பூப்பந்து வைத்துவிடுங்கள். ஹாலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒரு குறை இருப்பதே தெரியாது.

சரமாகத் தொங்கவிடுவது

ஒரு முழச் சரங்களை அடிக்கு ஒன்றாகத் தொங்கவிடுவது. பதினாறடிக்குப் பதினாறு பதினேழு சரம், அதாவது இருபத்துநாலு இருபத்தைந்து அடி. ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்பதால் ஒன்று அறுந்தாலும் மற்றது கலையாது. சாய்வு இதை ஒன்றும் செய்யாது, நேராகத் தொங்குவதால் நழுவவும் நழுவாது. கட்டவும் சுலபம், வீட்டுப் பிள்ளைகளே கட்டிவிடுவார்கள்.

ஆனால் சரத்தின் கீழ்முனை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். மூன்றடி ரெய்லிங்கில் ஒன்றரையடிச் சரம் என்றால் முனை குழந்தைகளின் கைக்கு நேராக வரும். இழுக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. இழுத்ததும் பூ உதிர்ந்து படியில் சிதறும். மாடியில் காற்று வந்தால் சரங்கள் கம்பிகளுக்கு நடுவே உள்பக்கம் வந்து தொங்கும், புடவை முந்தானை கொக்கி போல மாட்டும். சரம்தான் வேண்டும் என்றால் அரை முழமாக நறுக்கிக் கட்டுங்கள், அல்லது கீழ்முனையையும் கம்பியோடு ஒரு நூலால் கட்டிவிடுங்கள்.

நிஜப் பூவா, துணிப் பூவா

இதில் என் முடிவு இடத்தைப் பொறுத்தது. படிக்குத் துணிப் பூ, நடைக்கும் வாசலுக்கும் நிஜப் பூ.

நம் பக்கம் பூ விளைகிற ஊர். விடியற்காலையில் வாங்கிய செண்டுமல்லியின் வாசத்துக்குத் துணிப் பூ ஈடாகாது என்பது தெரிந்ததுதான். ஆனால் செண்டுமல்லியை ஊசியால் குத்திக் கோக்கிறோம். காம்புப் பக்கம் குத்து விழுந்த பூவில் இதழ் தளரத் தொடங்கும். முதல் நாள் சாயங்காலம் கட்டினால் மறுநாள் மத்தியானப் பந்தி நேரத்தில் ஆள் உரசும் இடமெல்லாம் உதிரும். மெருகேற்றிய கிரானைட்டில் ஈர இதழ் ஒன்று மிதிபட்டால் அது வாழைப்பழத் தோல்தான். அதுவும் வெறுங்காலோடு, ஒரு கையில் வாளியோடு இறங்குகிறவர்களுக்கு.

படிக்கும் நிஜப் பூவே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இரண்டு யோசனை. பூமாலைமேல் தண்ணீர் தெளிப்பதைக் கட்டுவதற்கு முன்னால், வெளியே வைத்துச் செய்து, உதறிவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள். கட்டிய பிறகு படியில் நின்று தெளிக்கவே கூடாது. அடுத்தது, விசேஷத்தன்றே காலையில் கட்டுங்கள், பந்தி முடியும் வரை படியைப் பெருக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். ஆள் கிடைக்காது என்றால் துணிப் பூவுக்கு வந்துவிடுவது நல்லது.

துணிப் பூ மாலையில் கனம் குறைவு, அதனால் கட்டுகளுக்குச் சிரமமில்லை. அடுத்த விசேஷத்துக்கும் ஆகும். அதன் பக்கத்தில் குத்துவிளக்கோ அகலோ வைக்காதீர்கள். சட்டென்று பற்றும், உருகிச் சொட்டும். பச்சை வேண்டும் என்றால் வளைவுக்கு வளைவு கட்டு விழும் இடத்தில் இரண்டு மாவிலையைச் செருகுங்கள். மாந்தோப்புக்குக் குறைவில்லாத மாவட்டத்தில் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, கட்டும் மறைந்துவிடும்.

எதனால் கட்டுவது

செல்லோ டேப் எஸ்.எஸ். குழாயில் ஈரம் பட்டதும் விட்டுவிடும். விடாமல் இருந்தால் எடுக்கும்போது பசையை மட்டும் விட்டுவிட்டு வரும். மரக் கைப்பிடியில் வார்னிஷையே உரித்துக்கொண்டு வரும். கட்டுக்கம்பி குழாயைக் கீறும், அதன் முனை முறுக்கி நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்களுக்கு அது சரி, கல்யாண வீட்டுக்கு ஆகாது.

ஜிப் டை உறுதியானது. ஆனால் வழவழப்பான குழாயில் அதுவும் மெல்ல நழுவும், வாலை நறுக்கிய முனை பிளேடு போல இருக்கும். பயன்படுத்தினால் தலைப்பக்கத்தை வெளிப்புறம் திருப்பி, வாலை ஒட்ட நறுக்குங்கள். என் கைக்குப் பிடித்தது பழைய பருத்தி வேட்டியை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்த நாடா. பருத்தி எஸ்.எஸ்.ஸில் வழுக்காமல் பிடிக்கும், ஈரம் பட்டால் இன்னும் இறுகும், நறுக்கி எடுத்தால் தடம் இருக்காது. ரொம்ப வழுக்குகிற குழாயாக இருந்தால், கட்டுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வைத்துக் கட்டுங்கள், அசையாது.

சீரியல் விளக்கு

மாலையோடு சீரியல் செட்டையும் சேர்த்துச் சுற்றச் சொல்வார்கள். ரெய்லிங் உலோகம், அதைத்தான் எல்லோரும் பிடிக்கிறார்கள். மலிவான சீரியல் செட் நேராக வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. அதன் ஒவ்வொரு பல்பு இணைப்பிலும் ஒயர் மெல்லியதாக, சில சமயம் திறந்தே இருக்கும். ஈரப் பூ, நசுங்கிய ஒயர், எஸ்.எஸ். குழாய் மூன்றும் சேர்ந்தால் ரெய்லிங் முழுவதும் ஷாக் அடிக்கும். அந்த செட்டைச் சுவரின் உயரத்தில் போடுங்கள், ரெய்லிங்கில் மட்டும் வேண்டாம். ரெய்லிங்குக்கு விளக்கு வேண்டுமென்றால் பேட்டரியில் ஓடுவது, அல்லது அடாப்டர் வைத்துக் குறைந்த வோல்ட்டில் ஓடுவது. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டு மெயினில் இருந்தாலும் இந்த விதியை மாற்ற வேண்டாம். ஒயர் எதுவும் படியின் குறுக்கே போகக் கூடாது. டேப் ஒட்டிக் குறுக்கே விட்டாலும் பத்துப் பேர் மிதித்ததும் டேப் கிளம்பி, கால் மாட்டும் கண்ணி ஆகிவிடும்.

நடைக்கு

வாசலிலிருந்து படி வரை உள்ள நடை நாலடி அகலம் என்றால், சீர்த்தட்டு ஏந்தி இரண்டு பேர் எதிரெதிரே வரும்போதே தோள் இடிக்கும். அங்கே இரு சுவரிலும் மாலை விட்டால் மூன்று மூன்று அங்குலம் போய்விடும். அதனால் சுவரைத் தொடாமல் தலைக்கு மேல் போகலாம். ஒரு முனை ஜன்னல் கிராதியிலும் மறுமுனை வென்டிலேட்டர் கம்பியிலுமாக ஒரு நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் செண்டுமல்லிச் சரமும் மாவிலையுமாகத் தொங்கவிடலாம். கதவு நிலை ஏழடி என்றால் சரத்தின் முனை ஆறரை அடிக்குக் கீழே வரக் கூடாது. தாம்பாளத்தில் தேங்காயும் பூவும் உயர்த்தி வருகிறவர்களையும், மணப்பெண்ணின் தலைப்பூவையும் நினைத்து அளக்க வேண்டும்.

ஒட்டும் கொக்கிகளை டிஸ்டெம்பர் அடித்த சுவரில் நம்பாதீர்கள். கொக்கியின் பசை நன்றாகத்தான் பிடிக்கும், சுண்ணாம்புத் தோல்தான் உரிந்து மாலையோடு கீழே வரும். டைல்ஸிலும், கிரானைட்டிலும், பாலிஷ் போட்ட கதவிலும் நிற்கும். கதவில் ஒட்டுகிறவர்கள், கதவை முழுதாகச் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

படியின் அடியில் பூக்கோலம் போடும் ஆசையை மட்டும் ஓரத்துக்கு நகர்த்துங்கள். இறங்குகிறவரின் கடைசி அடி விழும் இடத்தில் கோலமாவும் இதழும் வேண்டாம். வாழைக்கன்றும் அப்படித்தான். வாசலில் கட்டுங்கள், மூன்றடிப் படியின் வாயில் வேண்டாம்.

பழைய வீடுகளில் ரெய்லிங் கிடையாது, கைப்பிடிச் சுவர்தான். கட்டக் கம்பியில்லை. அங்கே சுவரின் வெளிப்பக்கம், மேல் விளிம்புக்குக் கீழே மேலிருந்து கீழ்வரை ஒரு கயிற்றை இரு முனையிலும் தூணில் இறுக்கிக் கட்டி, அந்தக் கயிற்றில் வளைவுகளைக் கட்டலாம். கட்டும் இடத்தில் கயிற்றில் முதலில் ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்கு மேல்பக்கம் கட்டினால் நழுவாது.

கட்டி முடித்ததும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். மேல்படியில் நின்று கண்ணை மூடி, கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துக் கீழ்வரை இழுத்துக்கொண்டே இறங்குங்கள். பூவோ முடிச்சோ கையில் தட்டினால் அந்த இடத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு வளைவையும் நடுவில் பிடித்துக் கீழ்நோக்கி ஓர் இழு இழுங்கள். அடுத்த வளைவு அசைந்தால் நடுவில் உள்ள கட்டு கவ்வவில்லை. கடைசியாக ஒருவர் ஒரு கையில் காலி வாளியோடு ஏற, இன்னொருவர் இறங்கட்டும். யாருடைய துணி எங்கே உரசுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

அந்த ராயக்கோட்டை சாலை வீட்டுக்கு முடிவானது இதுதான்: படிக்குத் துணிப் பூவில் வெளிப்பக்க வளைவு ஏழு, லேண்டிங் முனையில் இரண்டடி தட்டைக் கட்டு, கட்டுக்குக் கட்டு மாவிலை, நடையில் தலைக்கு மேல் நிஜச் செண்டுமல்லி. சீரியல் செட் ஹால் சுவரோடு நின்றது. பெண்ணின் பாட்டி மட்டும் மேலே ஏறும்போது, “படியில பூ வாசமே காணோமேப்பா” என்று கேட்டார். நடையில் மிஞ்சிய இரண்டு முழம் செண்டுமல்லியை லேண்டிங் ஜன்னல் கிராதியில், கைக்கெட்டாத உயரத்தில் சுற்றிவிட்டோம்.